கோப்பு வேறு கைக்குப் போனபின்

2014 நவம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஜி-20 மாநாடு நடக்கவிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மாநாட்டுக்கு வரும் 31 தலைவர்களின் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா விவரங்கள் அதில் இருந்தன. ஒபாமா, புதின், மெர்க்கல், நம் பிரதமர் மோடி எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததோ ஆசியக் கோப்பை கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒருவருக்கு. பெறுநர் கட்டத்தில் பெயரைத் தட்டத் தொடங்கியதும் அவுட்லுக் தானாகவே ஒரு பழைய முகவரியை எடுத்துப் போட, ஊழியர் அதைப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

பெற்றவர் அதை அழித்துவிட்டார். துறையும் தன் நாட்டின் தனியுரிமை ஆணையருக்கு உடனே தெரிவித்தது. ஆனால் அபாயம் மிகக் குறைவு, தலைவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. 2015 மார்ச்சில் கார்டியன் பத்திரிகை விஷயத்தை வெளியிட்டது. அதன்பின் உலகம் பேசியது ஊழியரின் கைத்தவறைப் பற்றி மட்டுமல்ல. ஏன் மறைத்தார்கள் என்பதைப் பற்றியும்தான்.

இதே கைத்தவறு நம்மூர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் நடப்பதுதான். திருப்பூரில் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சம்பளப் பட்டியலை அதன் உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். அதே பெயரில் தொடங்கும் இன்னொரு நிறுவனமும் இவர்களின் வாடிக்கையாளர். எக்செல் கோப்பு அங்கே போய்விடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது.

திரும்ப எடுக்க முடியுமா என்று எல்லோரும் முதலில் தேடுவார்கள். ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய அதிகபட்சம் 30 விநாடிதான். அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி பொதுவாக ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே பலிக்கும். கோப்பை நேரடியாக இணைக்காமல் கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தால் அனுமதியை நீக்கிவிடலாம். அப்போதும் அதற்குள் யாராவது தரவிறக்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இந்தத் தேடலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்த அழைப்பு தவறாகப் பெற்றவருக்கு. அவரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: “சார், 11.20-க்கு எங்க ஆபீஸ்ல இருந்து வந்த மெயில் உங்களுக்கானது இல்லைங்க. திறக்காம அழிச்சிடுங்க, குப்பைக் கூடையிலிருந்தும் எடுத்துடுங்க. திறந்திருந்தாலோ யாருக்காவது அனுப்பியிருந்தாலோ சொல்லிடுங்க. அழிச்சதும் ஒரு வரி எழுதி அனுப்புங்க.” கோப்பு யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கப் போனால், திறக்காதவரையும் திறக்க வைத்துவிடுவோம்.

பிறகு உரிமையாளர். அவருக்கு முதலில் போன்தான். கடிதம் பின்னால் போகட்டும். பேச வேண்டியவர் அலுவலகத்தின் தலைமை ஆடிட்டரே. “பையன் புதுசு, தெரியாம அனுப்பிட்டான்” என்று தொடங்கினால் கேட்பவர் மனதில் அடுத்த கேள்வி தயாராகிவிடும்: புதுப் பையனிடம் ஏன் என் கோப்பைக் கொடுத்தீர்கள்? அன்று மாலைக்குள் போக வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“இன்று காலை 11.20-க்கு, உங்கள் தொழிலாளர்கள் 86 பேரின் சம்பளப் பட்டியலைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டோம். அதில் பெயர், பான் எண், வங்கிக் கணக்கு எண், சம்பளத் தொகை ஆகியவை இருந்தன. ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் இல்லை. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருக்கவில்லை. 12.05-க்குத் தவறு தெரிந்தது. பெற்றவர் உங்கள் தொழிலிலேயே இருப்பவர். அவரிடம் 12.10-க்குப் பேசினோம். கோப்பைத் திறந்ததாகவும், யாருக்கும் அனுப்பவில்லை என்றும், அழித்துவிட்டதாகவும் 12.40-க்கு எழுதித் தந்திருக்கிறார். அதைச் சரிபார்க்க எங்களிடம் வழியில்லை. இது எங்கள் தவறு. உங்களிடமும் உங்கள் தொழிலாளர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அவர்களுக்குத் தெரிவிக்க உதவியாக ஒரு குறிப்பை நாளை காலை நேரில் கொண்டுவருகிறோம்.”

மன்னிப்பு இதில் ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் உரிமையாளர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கத் தேவையான செய்தி. ஆதார் எண் இல்லை என்பது அவருக்கு ஆறுதல். கடவுச்சொல் இல்லை என்பது கசப்பு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முதலாவதை நம்புவார். “சிரமம் ஏதேனும் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்ற வழக்கமான வரிக்கு இங்கே இடமில்லை. கோப்பு போய்விட்டது, அதில் ‘இருந்தால்’ எங்கிருந்து வந்தது? “அனுப்பப்பட்டுவிட்டது” என்பதும் அப்படித்தான். அனுப்பியவர் யார் என்பதை அந்த வினைச்சொல் விழுங்கிவிடுகிறது.

“சரிபார்க்க வழியில்லை” என்ற வரியைப் பலரும் வெட்டச் சொல்வார்கள். அதுதான் கடிதத்தைக் காப்பாற்றும் வரி. ஒரே மின்னஞ்சல் கணினியிலும் கைபேசியிலும் இருக்கலாம். திறந்தவர் திரையைப் படம் எடுத்திருக்கலாம். “முழுவதும் அழிக்கப்பட்டது” என்று நாம் உறுதி கொடுத்து, ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியல் எங்காவது தலைகாட்டினால், கைத்தவறு பொய்யாகிவிடும்.

பெற்றவர் யார் என்று எவ்வளவு சொல்வது என்பதுதான் சிக்கலான இடம். அவரும் நம் வாடிக்கையாளர். பெயரைப் போட்டால் அவருடைய ரகசியத்தையும் உடைக்கிறோம். மறைத்தாலோ, தையல்காரருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் தான் கொடுக்கும் சம்பளம் போட்டியாளருக்குத் தெரிந்துவிட்டது, ஆளை இழுக்கக்கூடும் என்ற முக்கியமான விஷயம் உரிமையாளருக்குத் தெரியாமல் போகும். அதனால் முதலில் தொழிலைச் சொல்லிவிட்டு, பெற்றவரிடம் அனுமதி வாங்கிய பிறகு பெயரைச் சொல்லலாம். வாடிக்கையாளரின் தகவலை அவர் சம்மதமின்றி, சட்டத் தேவையுமின்றி வெளியிடுவது 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் நெறி மீறல். ஒரு பட்டியலுக்கு மன்னிப்புக் கேட்கப் போய் இன்னொரு பெயரை வெளியிட்டுவிட்டு நிற்கக் கூடாது. பதற்றத்தில் பழைய மின்னஞ்சலையே மேலனுப்பி, இணைப்போடு மன்னிப்புக் கேட்பவர்களும் உண்டு!

தொழிலாளர்களை ஏன் இழுக்க வேண்டும் என்று உரிமையாளர் தயங்கலாம். தகவல் அவர்களுடையது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கசிவு பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதன்பின் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பொறுப்பு முதலில் விழுவது உரிமையாளர் மீது; ஆடிட்டர் அலுவலகம் அவருக்காக வேலை பார்க்கும் இடம் மட்டுமே. நம் கடிதத்தின் நேரங்களும் விவரங்களும்தான் அவருடைய அறிக்கைக்கு மூலம்.

தொழிலாளர்களுக்கான குறிப்பில் ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும்: உங்கள் பெயர், கணக்கு எண், பான் எண் மூன்றையும் சரியாகச் சொல்லி “பேங்க்ல இருந்து பேசறோம்” என்று யாராவது கூப்பிட்டால் நம்பாதீர்கள், ஓடிபி கொடுக்காதீர்கள். கணக்கு எண்ணை மட்டும் வைத்துப் பணம் எடுப்பது எளிதல்ல. அதைச் சொல்லி நம்பிக்கை பெறுவது எளிது.

இந்த மாதக் கட்டணத்தை விட்டுவிடுவதாக முதல் கடிதத்திலேயே எழுத வேண்டாம். வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். அதை ஒரு வாரம் கழித்துப் போகும் இரண்டாவது கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பெறுநர் கட்டத்தின் தானியங்கி நிரப்பலை நிறுத்திவிட்டோம், சம்பளப் பட்டியலுக்குக் கடவுச்சொல் போட்டு அதைத் தொலைபேசியில் மட்டும் சொல்கிறோம் என்ற செய்திகளோடு அது போகட்டும்.