பூக்கடைக்காரரின் 1,412 பெயர்கள்

மதுரை மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் புது போன் வாங்கினார். கடைக்கென்று தனி ஜிமெயில் கணக்கும் தொடங்கினார். பழைய போனில் இருந்த 1,412 பெயர்களை அதற்கு மாற்றும் வேலை மகள் கைக்கு வந்தது.

காண்டாக்ட்ஸ் செயலியில் Export என்பதை அழுத்தியதும் contacts.vcf என்று ஒரு கோப்பு கிடைத்தது. அதைக் கணினிக்கு அனுப்பி, நோட்பேடில் திறந்து பார்த்தார் மகள். "என்னம்மா, பேரெல்லாம் போச்சா?" என்று அப்பா பதறினார். 'அம்மா' என்ற பெயர் அங்கே இப்படித்தான் இருந்தது:

```
=E0=AE=85=E0=AE=AE=E0=AF=8D=E0=AE=AE=E0=AE=BE
```

எதுவும் போகவில்லை. பல ஆண்ட்ராய்டு போன்கள் தமிழ் எழுத்தை இப்படிக் குறியீடாக மாற்றித்தான் எழுதுகின்றன. புதுக் கணக்கில் ஏறியதும் அது மீண்டும் தமிழாகிவிடும். இதைக் கையால் திருத்தப் போனால்தான் கெடும்.

கோப்பில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை. ஒவ்வொரு நபரின் விவரமும் BEGIN:VCARD என்ற வரியோடு தொடங்கும். அந்த வரி எத்தனை முறை வருகிறதோ அத்தனை பேர். மகள் எண்ணியபோது 1,180தான் வந்தது. மீதி 232 பெயர்கள் சிம் கார்டில் இருந்தன. ஏற்றுமதியில் போன் நினைவகம் மட்டுமே சேர்ந்திருந்தது. சிம்மில் இருந்ததைப் போனுக்கு இறக்கிவிட்டு, மறுபடி கோப்பு எடுத்தார். கணக்கு நேரானது.

பிறகு கணினியில் contacts.google.com பக்கத்தைப் புதுக் கணக்கில் திறந்து, Import கொடுத்து, கோப்பை ஏற்றினார். ஒரு முறைக்கு 3,000 பெயர்கள் வரை ஏறும் என்பதால் ஒரே தடவையில் முடிந்தது.

இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் Merge & fix அங்கேயே இருக்கிறது. போனில் 'குமார் நிலக்கோட்டை'. சிம்மில் இடம் போதாமல் வால் வெட்டுப்பட்ட 'குமார் நிலக்'. எண் ஒன்றுதான்; ஒன்றில் முன்னால் 0, மற்றதில் +91. இதைத் தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் அடுத்து வந்தது இரண்டு 'செல்வி'. ஒருவர் வத்தலக்குண்டு வியாபாரி, இன்னொருவர் அக்கா மகள். சேர்த்திருந்தால் ஒரே பெயருக்குள் இரண்டு எண்ணும் அடங்கி, மல்லிகை விலை அக்கா மகளுக்குப் போயிருக்கும். மகள் அப்பாவைக் கேட்டு 'செல்வி வத்தலக்குண்டு' என்று முதலில் பெயரை மாற்றினார். எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்க்கும் Merge all பொத்தானைத் தொடவே இல்லை. நேரம் பிடித்தாலும் அதுவே சரியான வழி.

தவறிச் சேர்த்துவிட்டால் அமைப்புகளில் Undo changes உண்டு. 30 நாளுக்குள் எந்த நேரத்து நிலைக்கும் திரும்பலாம். ஆனால் அதற்குப் பிறகு சேர்த்த புதுப் பெயர்களும் போய்விடும். 30 நாள் தாண்டினால் கைகொடுப்பது அந்த vcf கோப்பு மட்டுமே. பழைய போனை அழிப்பதற்கு முன் அதை வேறோர் இடத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.