சம்பளப் பக்கத்துக்கு எந்தப் பூட்டு?

அலுவலக விக்கியான கான்ஃப்ளூயன்ஸில் ஒரு பக்கத்தைப் பார்க்கத் தடை போட்டால், அதன் கீழுள்ள பக்கங்களும் மறைந்துவிடும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அப்படி மறைந்திருந்த சம்பள உயர்வுப் பக்கத்தை யாராவது பொது விடுமுறைப் பட்டியலின் கீழ் நகர்த்தினால், மேல்பக்கத்திலிருந்து வந்த தடை கூட வராது. பக்கம் எல்லார் தேடலிலும் வந்து நிற்கும்.

அதனால் மனிதவளத் துறைக்குத் தனி ஸ்பேஸ் தொடங்கி, அதன் அனுமதிப் பட்டியலிலிருந்து அனைத்து ஊழியர் குழுவை நீக்கிவிடுவதே பாதுகாப்பு என்பேன். அந்த ஸ்பேஸுக்குள் பக்கங்களை எப்படி இடம் மாற்றினாலும் மற்றவர்கள் கண்ணில் படாது. பிறகு சாதாரண ஊழியருக்குரிய சோதனைக் கணக்கில் நுழைந்து, அந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள். நிர்வாகிக் கணக்கில் தேடினால் தடை வேலைசெய்கிறதா என்று தெரியாது.