ஆஃபர் வந்ததை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரே கல்லூரியில் படித்து, சென்னையில் ஒரே மேன்ஷன் அறையில் தங்கி, ஒரே கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருக்கும் இரண்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்கு ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வீட்டில் சொல்லியாயிற்று. அறை நண்பனிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

யாரோ ஒருவர் ஜெயித்தால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. நெருங்கியவர், அதுவும் நாம் முட்டிமோதும் அதே விஷயத்தில் ஜெயித்தால்தான் சுருக்கென்று தைக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஏப்ரஹாம் டெஸ்ஸர் 1980களில் இதை விளக்கினார். ஆக, நண்பன் முகம் ஒரு கணம் வாடினால் அவன் கெட்டவன் என்று அர்த்தமில்லை.

அதற்காக மறைக்கலாமா? அனபெல் ராபர்ட்ஸ், எம்மா லெவின், ஓவுல் செஸர் ஆகியோரின் ஆய்வு, மறைப்பதுதான் உறவை அதிகம் கெடுக்கிறது என்கிறது. ‘இவன் தாங்கமாட்டான்’ என்று நம்மை எடைபோட்டுவிட்டார்களே என்ற வருத்தம்தான் அதற்குக் காரணம். இத்தனைக்கும் பெட்டி கட்டும் நாளிலாவது தெரியத்தானே போகிறது?

வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன்பு அவனுக்குத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். நாலு பேர் நடுவில் திடீரென்று கேட்டால், உடனே சிரித்தாக வேண்டிய கட்டாயம் அவனுக்கு. நேரில் சொல்வதுதான் மரியாதை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. அவன் வெளியே போயிருக்கும்போது ஒரு மெசேஜ் போதும். “மச்சி, ஆஃபர் வந்துடுச்சு. அடுத்த மாசம் ஜாயினிங். குரூப்ல போடறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. ரூமுக்கு வா, பேசலாம்.” முகத்தைச் சரிசெய்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது.

“சும்மா லக்குதான்டா, உன் அளவுக்கு எனக்கு எங்க தெரியும்?” என்று சேர்க்கக் கூடாது. அதற்கு அவன் மறுப்புச் சொல்லி நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும். சம்பளத்தை நாமாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடலாம். குறைத்துச் சொன்ன தொகை பிறகு வேறு யார் வாயாகவாவது வரும்.

பெரும்பாலும் பிசகுவது அடுத்த வாக்கியத்தில்தான்: “நான் உள்ள போனதும் உன்னை இழுத்துடறேன்.” ரெஃபரல் பல கம்பெனிகளில் ரெஸ்யூமேயை ஹெச்.ஆர். கண்ணில் படவைக்கும், அவ்வளவே. இன்டர்வியூவை அவன்தான் தாண்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவன் சொல்லுக்கு அங்கே என்ன எடை இருக்கப்போகிறது? சேர்ந்தபின் அவனுக்குப் பொருந்தும் வேலை ஒன்று கண்ணில் பட்டால், “இது வந்திருக்கு, ரெஸ்யூமேயைப் போடட்டுமா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

“கங்கிராட்ஸ் டா” என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டு இரண்டு நாள் அவன் சரியாகப் பேசாமல் இருக்கலாம். “கோபமா?” என்று துருவ வேண்டாம். வழக்கம்போல் டீக்குக் கூப்பிட்டு, நேற்றைய மேட்சைப் பற்றிப் பேசலாம்.