சித்தப்பாவிடம் மூன்று லட்சம்

சொந்தக்காரரிடம் தொழிலுக்குப் பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் முதலில் தெளிவாக வேண்டியது, கேட்பது கடனா, பங்கா என்பதுதான். பங்கு என்றால் லாபத்தைப் போல நஷ்டத்திலும் அவருக்குப் பாகம் உண்டு. கடன் என்றால் தொழில் படுத்தாலும் அசலும் வட்டியும் கொடுத்தே தீர வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், லாபம் வரும்போது கொடுத்தவர் பங்கு என்பார். நஷ்டம் வரும்போது வாங்கியவரும் அதையே சொல்வார்.

காங்கேயத்தில் மரச்செக்கு போட நினைக்கும் ஒருவர் சித்தப்பாவிடம் மூன்று லட்சம் கடன் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“சித்தப்பா, இந்த மூன்று லட்சத்தைக் கடனாகத்தான் கேட்கிறேன். மாதம் நூற்றுக்கு 75 பைசா வட்டி. செக்கு ஓடி வியாபாரம் பிடிபடும் வரை, முதல் ஆறு மாதம் வட்டி 2,250 ரூபாய் மட்டும் கட்டுகிறேன். ஏழாம் மாதத்திலிருந்து அசலில் மாதம் 10,000 ரூபாயும், மீதி அசலுக்கான வட்டியும் தருகிறேன். மூன்று வருஷத்தில் கணக்கு முடிந்துவிடும். ஏதாவது ஒரு மாதம் முடியாமல் போனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அம்மாத வட்டியை மட்டும் கட்டுவேன். அப்படி இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட மாட்டேன். உங்களுக்குத் தோதுப்படாவிட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.”

இதில் ‘மீதி அசலுக்கு’ என்பது முக்கியம். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, மொத்த வட்டி 48,375 ரூபாயில் நிற்கும். அதை எழுதாமல், கடைசி மாதம் வரை மூன்று லட்சத்துக்கே வட்டி என்று சித்தப்பா எண்ணியிருந்தால் அவர் கணக்கில் 81,000 ரூபாய் வரும். மனஸ்தாபத்துக்கு அந்த வித்தியாசம் போதும்.

பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடன் வாங்குவதும் திருப்பித் தருவதும் வங்கி வழியாகத்தான் நடக்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

கடிதத்தோடு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டும் எழுதிக் கொடுப்பது வழக்கம். கேட்கும்போது தருவதாக எழுதும் நோட்டுக்கு, தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் காலவரம்பு. இந்தக் கடனும் மூன்று வருஷம் ஓடுவதால், இரண்டு தவணை தள்ளிப்போனாலே நோட்டு காலாவதியாகிவிடும். எனவே வருஷத்துக்கு ஒருமுறை, “இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி” என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதாகவும் கடிதத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கையெழுத்தும் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் தரும். வாங்கியவருக்கே ஏதாவது ஆகிவிட்டாலும், பாக்கி எவ்வளவு என்று வீட்டாருக்குத் தெரியும்.