கடை இடமாற்ற அறிவிப்பில் காலமும் இடமும்: அல்சூர் வாசகம் ஒன்றை முன்வைத்து

0. முன்னுரை

ஒரு கடை ஓரிடத்தை விட்டு வேறிடம் செல்லும்போது அதன் கதவில் ஒட்டப்படும் அறிவிப்பு மூன்று அல்லது நான்கு தொடர்களில் முடிந்துவிடும். கடை எங்குச் செல்கிறது, அதை எவ்வாறு கண்டுகொள்வது, பழைய இடத்தில் கடைசி நாள் எது ஆகிய மூன்று செய்திகளே அதில் இருக்கவேண்டியவை. எழுதுபவருக்கு இம்மூன்றும் முன்பே தெரியும். படிப்பவருக்கோ அந்த வாசகத்தைத் தவிர வேறு துணை இல்லை. இவ்விடைவெளியைத் தமிழின் எந்தச் சொற்கள் நிரப்புகின்றன, எந்தச் சொற்கள் நிரப்பத் தவறுகின்றன என்பதை ஒரே ஒரு வாசகத்தைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாசகம்

பெங்களூரு அல்சூரில் சோமேசுவரர் கோயிலை ஒட்டிய கடைத்தெருவில் ஒரு தையற்கடையின் கதவில், கன்னட வாசகத்துக்குக் கீழே, தமிழில் பின்வருமாறு எழுதப்பட்டிருந்தது. கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இங்கு நீக்கப்பட்டுள்ளன.

“இந்தக் கடை வரும் 31ஆம் தேதி வரை. 31 முதல் ஏரிக்கு எதிரில், குருத்வாரா தாண்டி மாறுகிறது. கடைசி நாள் 31.”

ஆண்டு 2024, மாதம் ஆகஸ்டு. 31ஆம் நாள் சனிக்கிழமை. அன்று நண்பகலில் ஒரு மூதாட்டி, பேத்தியின் திருமணத்துக்கெனத் தைக்கக் கொடுத்திருந்த இரவிக்கைகளைப் பெற்றுக்கொள்ள வந்தார். கதவு பூட்டியிருந்தது. “முப்பத்தொண்ணு வரைக்கும்னுதானே போட்டிருக்கு?” என்று அவர் அருகிலிருந்த பூக்கடைக்காரரிடம் கேட்டார். “முப்பத்தொண்ணுலேருந்து அங்கேன்னும் போட்டிருக்கே, பாட்டி” என்று அவர் விடையளித்தார். இருவரும் வாசகத்தைச் சரியாகவே படித்திருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. மூதாட்டி பின்னர் ஏரிக்கரைக்குச் சென்றும் கடையைக் காணாமல் திரும்பினார். மறுநாள் ஞாயிறு, திருமணம் திங்களன்று.

2. காலம்

2.1. ‘வரை’யும் ‘முதலு’ம்

‘வரை’ என்பது எல்லைக்கோட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல்; அதுவே பின்னொட்டாக நின்று ஒரு செயலின் முடிவெல்லையைக் காட்டுகிறது. அவ்வெல்லை செயலுக்குள் அடங்குமா, அடங்காதா என்பதை ‘வரை’ என்னும் சொல் தானே தீர்மானிப்பதில்லை. அதனோடு முடியும் வினையே தீர்மானிக்கிறது. ‘31 வரை கடை திறந்திருக்கும்’ என்னும்போது தமிழர் பெரும்பாலும் 31ஐயும் உட்படுத்தியே பொருள் கொள்வர். ‘31 வரை கடை திறக்காது’ என்று எதிர்மறையாகக் கூறினாலோ, 31 அன்று திறக்குமா என்னும் ஐயம் உடனே எழுகிறது. நமது வாசகத்தில் ‘வரை’யை முடிக்கும் வினையே இல்லை. ‘இந்தக் கடை 31 வரை’ என்று தொடர் நின்றுவிடுகிறது. விடுபட்ட வினையைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.

‘முதல்’ என்னும் சொல்லில் இவ்வையம் இல்லை. தொடக்கத்தைக் குறிக்கும் அது தான் சுட்டும் நாளை எப்போதும் உள்ளடக்கும். எனவே ‘31 வரை இங்கு’, ‘31 முதல் அங்கு’ என்னும் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது 31ஆம் நாள் இரண்டு இடங்களுக்கும் உரியதாகிவிடுகிறது. எழுதியவர் மனத்தில் 31 என்பது நாளாக இல்லை. ஒரு கோடாக இருந்தது. கோட்டின் இப்புறம் பழைய கடை, அப்புறம் புதிய கடை. ஆனால் நாள் என்பது கோடன்று. காலையும் மாலையும் கொண்ட நீட்சி அது. அந்த நீட்சிக்குள்தான் மூதாட்டி வந்து நின்றார்.

2.2. ‘கடைசி நாள்’

‘கடைசி நாள் 31’ என்னும் தொடரில் எதன் கடைசி நாள் என்பது கூறப்படவில்லை. வணிகம் நடைபெறும் கடைசி நாளா, புதிதாகத் துணி வாங்கிக்கொள்ளும் கடைசி நாளா, தைத்த துணியைத் திருப்பித் தரும் கடைசி நாளா? மளிகைக் கடைக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. தையற்கடை, கடிகாரம் பழுதுபார்க்கும் கடை, சலவைக் கடை, அடகுக் கடை ஆகியவற்றில் வாடிக்கையாளரின் பொருள் கடைக்குள் இருப்பதால் இது முதன்மையான வேறுபாடாகும். இக்கடையினர் முதற்பொருளையே கருதினர். அதுவும் முந்தைய நாள் இரவோடு முடிந்தது என்றே எண்ணினர். மூதாட்டி மூன்றாவது பொருளைக் கொண்டார்.

2.3. ‘வரும்’

‘வரும் 31’ என்பதில் ‘வரும்’ ஒரு காலச்சுட்டு. எழுதிய நாளிலிருந்து பார்த்தால் அது ஆகஸ்டு 31. செப்டம்பரில் படிப்பவருக்கு அது அக்டோபர் 31 ஆகவும் தோன்றலாம். மொழியியலறிஞர் சார்லசு ஃபில்மோர் 1971இல் சுட்டுப்பொருள் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் எழுதும் காலத்தையும் படிக்கும் காலத்தையும் பிரித்துக் காட்டினார். கடலில் மிதந்து வந்த புட்டிக்குள் ஒரு சீட்டு. அதில் ‘இங்கே’, ‘நாளை’ என்னும் சொற்கள் மட்டுமே உள்ளன. எழுதியவர் யார், எப்போது, எங்கே என்பது தெரியாதபோது அச்சொற்கள் பயனற்றுப் போகின்றன. கதவில் ஒட்டிய தாளும் ஓரளவு அப்புட்டிச் சீட்டே. ‘இங்கே’ என்பதன் பொருளைக் கதவு காப்பாற்றித் தருகிறது. ‘வரும்’ என்பதன் பொருளைக் காப்பாற்றித் தர எதுவுமில்லை. அறிவிப்பைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பும் இக்காலத்தில் ‘இந்தக் கடை’ என்பதும் கதவின் துணையை இழந்துவிடுகிறது.

3. இடம்

3.1. முகமுள்ள பொருளும் முகமற்ற பொருளும்

‘எதிரில்’ என்னும் சொல் ஒரு பொருளின் முகப்பை வேண்டி நிற்பது. கோயிலுக்கு வாசல் உண்டு. சிலைக்கு முகம் உண்டு. அல்சூர் ஏரிக்கு அருகே 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையைக் கொண்டு ‘சிலைக்கு எதிரில்’ என்றால், வள்ளுவர் பார்க்கும் திசை என்று எவரும் உணர்வர். ஏரிக்கோ முகம் இல்லை. ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள நீர்நிலையின் எந்தக் கரையில் நின்றாலும் அது ஏரிக்கு எதிர்தான். கடைக்காரர் தாம் பார்த்த பக்கத்தையே ஏரியின் முகமாகக் கொண்டுவிட்டார்.

3.2. ‘தாண்டி’

‘தாண்டி’ ஒரு வினையெச்சம். தாண்டுபவர் ஒருவர் வேண்டும். அவர் எங்கிருந்தோ புறப்பட்டிருக்க வேண்டும். கென்சிங்டன் சாலையிலுள்ள குருத்வாராவை இச்சாலையின் ஒரு முனையிலிருந்து தாண்டினால் கிடைக்கும் இடம் வேறு, மறுமுனையிலிருந்து தாண்டினால் கிடைக்கும் இடம் வேறு. அன்று மூதாட்டி ஏறிய ஆட்டோ மறுமுனை வழியாக வந்ததால், அவர் கடைக்கு நேரெதிர்த் திசையில் தேடினார். புறப்பாட்டிடம் கூறப்படாத ‘தாண்டி’ பாதித் தகவலே எனலாம்.

நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் கூறுகிறது. இவற்றுள் எல்லைப் பொருள் என்பது ஓர் ஊரை நிலையாக வைத்து மற்றோர் ஊரின் திசையைக் கூறுவது. அங்குத் திசை கிழக்கு, வடக்கு என நிலைபேறுடையதாதலின், பார்ப்பவர் எங்கு நின்றாலும் பொருள் மாறாது. எரிக் பெடர்சன் 1990களில் தமிழ்நாட்டில் நிகழ்த்திய ஆய்வு, ஊர்ப்புறத் தமிழர் சிறு பொருள்களின் இருப்பைக் கூறவும் திசைப்பெயர்களையே ஆள்வதையும், நகர்ப்புறத்தார் இடம், வலம் என்பவற்றை ஆள்வதையும் காட்டியது. அல்சூர் அறிவிப்பில் இவ்விரண்டுமே இல்லை. அடையாளப் பொருள்கள் மட்டும் உள்ளன.

3.3. பெயர்

அடையாளப் பொருளின் பெயரும் ஐயத்துக்கு இடம் தரலாம். இவ்வூர் கன்னடத்தில் ஹலசூரு. ‘ஹலசு’ என்பது பலா. பழங்கன்னடப் பகரம் ஹகரமாகத் திரிந்த நிலை. தமிழ்ப் ‘பின்’ கன்னடத்தில் ‘ஹிந்தெ’ எனத் திரிந்ததும் இவ்வாறே. தமிழர் வழக்கில் அந்த ஹகரமும் நீங்கி ‘அல்சூர்’ நிற்கிறது. 2011 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் ‘ஹலசூரு’ என்றே பெயர் தாங்குகிறது. உள்ளூரார்க்கு இரண்டும் ஒன்று. வெளியிலிருந்து வருபவர்க்கு அவ்வாறன்று. இடிக்கப்பட்டு வணிக வளாகமாகிவிட்ட லிடோ திரையரங்கைப் போன்ற மறைந்த அடையாளங்களும் அத்தகையனவே: அவற்றை அறிந்தவர்க்கு மட்டுமே அவை வழிகாட்டும்.

4. வினை

‘மாறுகிறது’ என்னும் நிகழ்காலம் தமிழில் விரைவில் நிகழவிருப்பதையும் குறிக்கும். இடம் மாறும் முன்னர் இது பொருத்தமே. மாறிய பின்னரும் அதே தாள் ஒட்டியிருந்தால், கடை மாறிவிட்டதா, மாறப்போகிறதா என்பது விளங்காது. மேலும், ‘கடை மாறுகிறது’ என்பது உரிமையாளர் மாறுவதையும் தொழில் மாறுவதையும்கூடக் குறிக்கலாம். ‘இடம்’ என்னும் ஒரு சொல் சேர்ந்து ‘கடை இடம் மாறுகிறது’ என்றானால் இவ்வையம் அகலும்.

5. திருத்திய வாசகம்

மேற்கண்டவற்றைக் கொண்டு அவ்வாசகத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்.

“சோமேசுவரர் கோயில் கடைத்தெருவிலுள்ள எங்கள் தையற்கடை இடம் மாறுகிறது. 2024 ஆகஸ்டு 30, வெள்ளி இரவு 8 மணி வரை இங்குத் திறந்திருக்கும். தைத்த துணிகளை அதற்குள் இங்குப் பெற்றுக்கொள்ளலாம். 31 சனி, 1 ஞாயிறு இரு நாளும் இரண்டு இடத்திலும் கடை இல்லை. செப்டம்பர் 2, திங்கள் காலை 10 மணி முதல் புதிய இடம்: கென்சிங்டன் சாலை. குருத்வாரா வாசலிலிருந்து வெளியே வந்து இடக்கைப் பக்கம் திரும்பினால் நான்காவது கடை.”

இதில் ‘வரை’க்கு நாளுக்கு மாறாக மணி எல்லையாகிறது, மணி ஒரு புள்ளியாதலால் உள்ளடங்குமா என்னும் கேள்வி எழுவதில்லை. தேதியும் கிழமையும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. ஒன்று தவறாக எழுதப்பட்டால் மற்றது காட்டிக்கொடுக்கும். கடை இல்லாத நாள்கள் வெளிப்படையாகக் கூறப்பட்டதால் எந்த நாளும் இரண்டு இடங்களுக்கு உரியதாகவில்லை. ‘இடக்கை’ என்பது சார்புச் சொல்லே எனினும், வாசலிலிருந்து வெளியே வருபவர் எனப் பார்ப்பவரின் நிலை குறிக்கப்பட்டதால் அது உறுதிப்படுகிறது. ஆட்டோ எம்முனையிலிருந்து வந்தாலும் வாசல் ஒன்றே. வாசகம் முன்னையதினும் நீண்டுவிட்டது என்பது உண்மை. இடம் குறைவாயின் விடவேண்டியது அடையாளப் பொருள்களுள் ஒன்றையேயன்றி வினைகளையன்று.

6. முடிவுரை

இத்தகைய வாசகத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. அவ்விடத்தை அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, ‘31ஆம் தேதி பகலில் எங்குச் செல்வீர்கள்?’, ‘வேறு முனையிலிருந்து வந்தால் கடையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்னும் இரண்டு வினாக்களை எழுப்பவேண்டும். விடை தயங்குமிடத்தில் விடுபட்ட வினையோ, புறப்பாட்டிடமோ, முகமற்ற அடையாளமோ இருக்கும். ‘புரிந்ததா?’ என்று கேட்பதால் பயனில்லை. மூதாட்டிக்கும் பூக்கடைக்காரருக்கும் வாசகம் புரிந்தேயிருந்தது. இருவருக்கும் புரிந்தவை வேறுவேறாக இருந்தமையே சிக்கல்.

கடைக்காரர் அன்று மாலை எஞ்சிய பொருள்களை எடுக்க வந்தபோது பூக்கடைக்காரர் செய்தி சொன்னதால், இரவிக்கைகள் ஞாயிறு காலையில் மூதாட்டியின் வீடு சென்று சேர்ந்தன. வாசகம் ஆற்றவேண்டியிருந்த பணியைப் பக்கத்துக் கடைக்காரர் ஆற்றினார்.