மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கும் மடல்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையிலும் பலசரக்குக் கடை நடத்துவோர் பலர் கொழும்புப் புறக்கோட்டையிலுள்ள மொத்த வியாபாரிகளிடமிருந்தே சீனி, பருப்பு, மா, ரின் மீன் முதலியவற்றைத் தருவிக்கின்றனர். முன்னாளில் கடைக்காரர் தாமே கொழும்புக்குச் சென்று, முதலாளியின் மேசைக்கு முன் அமர்ந்து, தேநீர் அருந்தியவாறு பேசி முடித்த காரியங்களுட் பல இன்று மின்னஞ்சலில் முடிகின்றன. அவற்றுள் மிகக் கடினமானது, ஓராண்டு தவறாது சரக்கெடுத்த பின், கடன் தவணையை நீட்டித் தருமாறு கேட்கும் மடலேயாகும். நம் பழைய மாணவருள் வணிகத்தில் ஈடுபட்டோரும் வணிகக் கணக்கு பயிலும் மாணவரும் இம்மடலின் உட்பொருளை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் நன்று.

இத்தகைய மடல்களிற் பெரும்பாலானவை ஒரே வகையில் தோல்வியுறுகின்றன. "ஓராண்டாக ஒழுங்காகச் சரக்கெடுத்து வருகின்றோம், எனவே தவணையைக் கூட்டித் தருக" என்று எழுதுவர். எழுதுவோருக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால், ஒழுங்காக வாங்கியமை கடைக்காரருக்குச் சரக்குத் தேவைப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். மொத்த வியாபாரி அறிய விரும்புவது பணம் எந்நாளில் வந்தது என்பதையும், இனி எவ்வளவு பணம் ஒரே வேளையில் வெளியே நிற்கும் என்பதையுமே. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறாத மடல் எத்துணைப் பணிவாக எழுதப்பட்டிருப்பினும் பயன் தராது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவாம். மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கடை. இரு கிழமைக்கு ஒருமுறை 3 இலட்சம் ரூபாய்ச் சரக்கு வருகின்றது. ஆண்டுக்கு 26 தடவை. மொத்தம் 78 இலட்சம். தவணை 14 நாள். சரக்கு ஏற்றும் நாளிலேயே 14 நாள் பின்திகதியிட்ட காசோலை ஒன்றைக் கடைக்காரர் கொடுத்துவிடுகிறார். ஆயினும் சிட்டையின் திகதி கொழும்பில் லொறி ஏறிய நாளே. ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து, சரக்கு இறங்கித் தட்டுகளில் அடுக்கப்படும்போது இரண்டு நாள் கழிந்துவிடும். ஆகவே விற்பதற்குக் கிடைப்பவை 12 நாட்களே. அந்நாட்களுக்குள் பாதிச் சரக்கே விற்குமாயின், மீதிப் பாதிக்கான பணத்தைக் கடைக்காரர் தம் கையிலிருந்தே கட்ட வேண்டும்.

அத்துடன், விற்ற பாதியும் முழுவதும் காசாக வருவதில்லை. மன்னாரில் கடனுக்குக் கொடுக்காத கடை அரிது. சோளகம் வீசுங்கால் தென்கடல் கொந்தளிக்கும். வாடை வீசுங்கால் வடகடல் கொந்தளிக்கும். வள்ளம் இறங்காத நாட்களில் கடற்றொழிலாளர் வீட்டுச் சாமான் கடன் கொப்பியில் ஏறும். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயற்காரரோ பெரும்போக அறுவடை முடிந்து, நெல் விற்ற பின்னரே கணக்கைத் தீர்ப்பர். எனவே மாசி, பங்குனி மாதங்களில் கடையில் காசு புரளும். மார்கழியிலும் தையிலும் வரட்சியாயிருக்கும். கடைக்காரரின் உண்மையான இடர் இதுவே. ஆனால் இதனை மடலில் ஒரு வரிக்கு மேல் எழுதுதல் கூடாது என்பது என் கருத்து. தம் வாடிக்கையாளர் கடனுக்கு வாங்குகின்றனர் என்று விரித்துரைக்க விரித்துரைக்க, மொத்த வியாபாரியின் அச்சமே வளரும்.

இனி மறுபக்கம் சென்று, புறக்கோட்டை முதலாளியின் இருக்கையில் அமர்ந்து பார்ப்போம். இப்பொழுது அவருடைய பணத்தில் 3 இலட்சம் மன்னாரில் நிற்கின்றது. தவணை 28 நாளாயின், எந்நேரமும் இரண்டு சிட்டைகள், அதாவது 6 இலட்சம் நிற்கும். மேலதிகமான அந்த 3 இலட்சத்தை அவர் வங்கியில் மேலதிகப்பற்றாக 12 சதவீத வட்டிக்குப் பெறுகின்றார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 36,000 ரூபாய்; ஒரு சிட்டைக்கு ஏறத்தாழ 1,385 ரூபாய். இத்தகைய சரக்கில் அவருக்கு நூற்றுக்கு 3 ரூபாய் இலாபம் எனின், சிட்டை ஒன்றுக்கு 9,000 ரூபாய் கிடைக்கும். அதில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு தவணைக்காகக் கரைகின்றது. வருந்தத்தக்கதாயினும் தாங்கக்கூடியதே. ஆனால் 2022ஆம் ஆண்டை நினைவு கூருங்கள். அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஆண்டிறுதியில் வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளரிடமே 27 சதவீதத்தை ஒட்டி அறவிட்டன. அந்த வீதத்தில் இதே தவணை ஒரு சிட்டைக்கு 3,100 ரூபாய்க்கு மேல், அதாவது இலாபத்தில் மூன்றிலொன்றைத் தின்றுவிடும். புறக்கோட்டையில் பழைய வாடிக்கையாளரிடமும் அக்காலத்திற் கைக்காசு கேட்கப்பட்டதன் காரணத்தை இக்கணக்கிற் காணலாம்.

வட்டியினும் பெரிது முதல் போய்விடும் அச்சம். கடை முறிந்து மேலதிகமாகக் கொடுத்த 3 இலட்சம் வராது போயின், நூற்றுக்கு 3 வீதம் இலாபம் பெறும் வியாபாரி அதை ஈடுசெய்ய ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை விற்றாக வேண்டும். அதே கடையின் 15 மாதக் கொள்முதலுக்கும் மேற்பட்ட தொகை அது! ஆகவே அவர் நாட்களைக் காட்டிலும் எல்லையையே நோக்குவார். "இத்தொகைக்கு மேல் ஒருபோதும் நிலுவை நில்லாது" என்று கடைக்காரர் தாமே வரம்பு கட்டிக் கேட்பாராயின், பாதிக் காரியம் முடிந்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. பலரும் வழக்கம் பற்றி "30 நாள்" என்று கேட்பர். 14 நாளுக்கொருமுறை சரக்கெடுக்கும் கடைக்கு இது பிழை. முதற் சிட்டைக்குப் பணம் வருவது 30ஆம் நாள். மூன்றாஞ் சரக்கு ஏறுவதோ 28ஆம் நாள். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நாட்களுக்கு மூன்று சிட்டைகள், அதாவது 9 இலட்சம் நிலுவையாகத் தோன்றும். கணக்குப்பிள்ளை அந்நாளில் பேரேட்டைப் பார்ப்பாராயின் "வரம்பு மீறிற்று" என்று சரக்கை நிறுத்திவிடுவார். 28 நாள் என்று கேட்பின் இரண்டு சிட்டைக்கு மேல் ஒருபோதும் நில்லாது. இரண்டு நாளை விட்டுக்கொடுப்பதால் 3 இலட்சம் ரூபாய் வரம்பு குறைகின்றது.

நிற்க. மடல் எழுதும் பருவமும் கருதத்தக்கது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரும் நத்தாருக்கு முன்னரும் மொத்த வியாபாரிகள் தம் கைப்பணத்தையெல்லாம் சரக்கில் முடக்குவர். அவ்வேளையில் தவணை கேட்டல் வெறும் வேண்டுதலாய் முடியும். ஆயின் அதே மாசி, பங்குனி மாதங்களிற்றான் மன்னார்க் கடையில் அறுவடைக் காசு சேர்கின்றது. "அவ்விரு மாதங்களில் பழைய 14 நாளுக்கே திரும்புகின்றோம்" என்று கூற வல்ல கடைக்காரர், முதலாளிக்குப் பணம் மிக வேண்டிய வேளையிற் பணத்தை முன்கூட்டிக் கொடுக்கின்றார். இத்தகைய கொடுக்கல் புறக்கோட்டையில் எளிதில் மறக்கப்படுவதன்று.

இவற்றையெல்லாம் அடக்கிய மடல் பின்வருமாறு அமையலாம்.

"பொருள்: எமது கணக்கின் தவணையை 28 நாளாக்க வேண்டுதல், நிலுவை வரம்பு 6 இலட்சம் ரூபாய்.

மதிப்பிற்குரிய முதலாளி அவர்கட்கு,

வணக்கம். கடந்த ஓராண்டில் தங்களிடம் 26 தடவை சரக்கெடுத்துள்ளோம். மொத்தம் 78 இலட்சம் ரூபாய். சிட்டைத் திகதி, காசோலைத் திகதி, பணம் தங்கள் கணக்கிற் சேர்ந்த திகதி ஆகியவற்றை இத்துடன் நிரற்படுத்தி அனுப்பியுள்ளோம். 24 காசோலைகள் உரிய நாளிலேயே மாறின. கார்த்திகையில் மழைவெள்ளத்தால் பாதை தடைப்பட்டபோது இரண்டை மும்மூன்று நாள் பிந்தி வைப்பிலிடுமாறு முன்னரே அறிவித்திருந்தோம். எதுவும் திரும்பவில்லை.

சரக்கு எம்மிடம் வந்து சேர இரண்டு நாள் செல்வதாலும், மழைக்காலத்தில் இங்கு விற்பனைப் பணம் பிந்துவதாலும், தவணையை 28 நாளாக்கித் தருமாறு வேண்டுகின்றோம். நிலுவை 6 இலட்சத்திற்கு மேற்படாது. ஒரு காசோலையேனும் பிந்துமாயின் அது தீரும்வரை அடுத்த சரக்கை ஏற்ற வேண்டாம். மாசி, பங்குனி மாதங்களில் 14 நாளுக்கே பணம் தருவோம். ஆறு மாதம் இவ்வாறு பார்த்தபின் தங்களுக்கு ஒவ்வாதாயின் பழைய முறைக்கே திரும்பலாம்.

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கின்றோம்.

இங்ஙனம்."

பிந்திய இரண்டு காசோலைகளை மறைக்காது சொன்னமையைக் கவனிக்க. கொழும்புப் பேரேட்டில் அவை எப்படியும் உள்ளன. அவற்றைக் கணக்குப்பிள்ளை எடுத்துக் காட்டுவதிலும் கடைக்காரர் தாமே சொல்வது மேல். காசோலை திரும்பிய வரலாறு இருப்பின் இம்மடலை அனுப்புதலே வீண். இன்னும் ஆறு மாதம் பொறுத்து, பட்டியலைத் தூய்மையாக்கியபின் எழுதுதல் நலம்.

பதிலை எழுத்திற் கேட்டதற்கும் காரணம் உண்டு. அது முதலாளிக்கும் நன்மையானது. வழக்குத் தொடரும் காலவெல்லையை விதிக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கையளித்த சரக்குக்கும் கடைச் சிட்டைக் கடனுக்கும் ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்திலமைந்த உடன்பாட்டுக்கோ ஆறாண்டு. இரு மின்னஞ்சல்கள் சேர்ந்து அத்தகைய உடன்பாடாகுமா என்பது பற்றி வழக்கறிஞர் இருவிதமாக வாதிடக்கூடும். எனினும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் பின், மின்வடிவம் என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி அவற்றைத் தள்ளிவிட இயலாது. வாய்ப்பேச்சை நம்பியிருப்பதிலும் இது உறுதியானது.

இனி, வரக்கூடிய பதில்கள். முழு மறுப்பு அரிது. பெரும்பாலும் இடைவழியே வரும். "21 நாள் தருகின்றோம்" எனின் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு கிழமை இரண்டு சிட்டையும் மறு கிழமை ஒரு சிட்டையுமாக நிற்கும். "28 நாள் தருகின்றோம், ஆனால் விலையில் நூற்றுக்கு ஒன்று கூடும்" என்ற பதிலைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு சதவீதம் சிறிதாகத் தோன்றும். ஆனால் அது மேலதிகமான 14 நாளுக்குரிய விலை. ஆண்டில் 14 நாட்கள் 26 உண்டு. ஆகவே அது ஆண்டுக்கு 26 சதவீத வட்டிக்கு ஒப்பாகும். அதே 3 இலட்சத்தை மன்னாரிலுள்ள வங்கிக் கிளையொன்று 15 சதவீதத்திற்கு மேலதிகப்பற்றாகத் தருமாயின், ஆண்டுக்கு 45,000 ரூபாயோடு போகும். முதலாளியின் வழியிலோ 78,000 ரூபாய் செல்லும். அந்நிலையில் நன்றி கூறி, 14 நாள் தவணையிலும் பழைய விலையிலும் நின்று, வங்கியை நாடுவதே கணக்கறிந்தோர் செய்யும் செயல்.