பொத்தானுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே

கிளவுட் கேமிங்கில் விளையாட்டு உங்கள் போனில் ஓடுவதில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் கணினியில் ஓடுகிறது. நீங்கள் குதிக்கும் பொத்தானைத் தொட்டதும் அந்தச் செய்தி அங்கே போகிறது. அங்குள்ள கணினி அடுத்த காட்சியை வரைந்து, வீடியோவாகச் சுருக்கி அனுப்ப, போன் அதை விரித்துக் காட்டுகிறது. நொடிக்கு 60 காட்சிகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 17 மில்லிநொடிதான்.

யூடியூப் வீடியோவைக் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். இங்கே அது முடியாது. நீங்கள் அடுத்து எதைத் தொடுவீர்கள் என்பது யாருக்கும் தெரியாதே! அதனால் வேகத்தைவிடத் தாமதமே முக்கியம் என்பேன். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ், 720p காட்சிக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது. செய்தி போய்த் திரும்பும் தாமதம் 80 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும், 40க்குள் இருந்தால் நல்லது என்கிறது.

படம் கட்டம் கட்டமாக மங்கினால் வேகம் போதவில்லை. படம் தெளிவாக இருந்தும் நாயகன் பிந்திக் குதித்தால் தாமதம் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறி, ரவுட்டர் அருகே அமர்ந்து பாருங்கள். மொபைல் டேட்டாவில் ஆடுவோருக்கு ஒரு கணக்கு: 15 எம்பிபிஎஸ் வேகத்தில் 2 ஜிபி, 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.